ரத்தம் ஏற்றும்போது செவிலியர் கவனிப்பு: கற்றல் நோக்கங்கள்

பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு. விரிவுரை, 60 நிமிடம். ஏ பிரிவை நான் எடுக்கிறேன். பி பிரிவுக்குப் போகும் ட்யூட்டரும் இதே தாளை வைத்துக்கொள்ளலாம்.

மாணவர்களுக்கு முன்பே தெரிந்தவை: ஏ.பி.ஓ., ஆர்.எச். வகைகள், ஐ.வி. சொட்டுக் கணக்கு. இவற்றை மறுபடி நடத்த வேண்டாம்.

ப்ளூம் வகைப்பாட்டின் 2001 திருத்தப்படி நிலைகளைப் பிரித்திருக்கிறேன். போன வருடத் தாளில் எல்லா வரியும் "அறிந்துகொள்வர்" என்று முடிந்திருந்தது. அறிந்துகொண்டார்களா என்று எதை வைத்துப் பார்ப்பது? இந்த முறை அந்தச் சொல்லை எங்கும் பயன்படுத்தவில்லை.

வகுப்பு முடிவில் மாணவர்:

நினைவுகூர்தல்
1. ரத்தப் பையைத் தொங்கவிடும் முன் படுக்கையருகே இருவர் சரிபார்க்க வேண்டியவற்றை (நோயாளியின் பெயர், ஐ.பி. எண், ரத்த வகை, பை எண், காலாவதித் தேதி) தாளைப் பார்க்காமல் வரிசையாகச் சொல்வார்.
2. இரண்டு கால வரம்புகளைக் கூறுவார்: ரத்த வங்கியிலிருந்து வெளிவந்த 30 நிமிடத்துக்குள் தொடங்க வேண்டும், 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

புரிந்துகொள்தல்
3. அதே லைனில் நார்மல் சலைன் தவிர வேறு எதையும் ஏன் விடக் கூடாது என்பதைச் சொந்த வார்த்தையில் விளக்குவார். டெக்ஸ்ட்ரோஸ் விட்டால் சிவப்பணு உடையும், ரிங்கர் லாக்டேட்டில் உள்ள கால்சியம் ரத்தத்தை உறையவைக்கும் என்ற இரண்டும் பதிலில் வர வேண்டும். "சார் சொன்னார்" என்பது விளக்கம் ஆகாது.
4. முதல் 15 நிமிடம் செவிலியர் ஏன் நோயாளியை விட்டு நகரக் கூடாது என்பதற்குக் காரணம் கூறுவார்.

பயன்படுத்தல்
5. 300 மி.லி. சிவப்பணுப் பை, 1 மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட். முதல் 15 நிமிடம் நிமிடத்துக்கு 20 சொட்டு, மீதி 285 மி.லி. இரண்டரை மணி நேரத்தில் என்று கொடுத்தால், பின்பகுதியின் வேகத்தைக் கணக்கிடுவார். விடை: நிமிடத்துக்கு 38 சொட்டு. 40 என்று எழுதினால் முதல் 15 நிமிடத்தில் போன 15 மி.லி.யைக் கழிக்கவில்லை என்று அர்த்தம். பாதிப் பேர் அங்கேதான் சறுக்குவார்கள்.

பகுத்தாய்தல்
6. கீழ்க்கண்ட இருவரின் நிலையையும் ஒப்பிட்டு, எது எவ்வகை எதிர்வினை என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு ஆதாரம் காட்டுவார்.
அ) 30 வயது ஆண். தொடங்கிப் பத்து நிமிடம். நடுக்கம், விலாவில் வலி, காய்ச்சல், பி.பி. 90/60.
ஆ) 68 வயது அம்மா, இதய நோயாளி. இரண்டாவது பை ஓடுகிறது. மூச்சுத்திணறல், கழுத்துச் சிரை புடைப்பு, பி.பி. 130/80-லிருந்து 170/100. காய்ச்சல் இல்லை.

முதலாமவருக்கு ரத்தம் பொருந்தாமல் சிவப்பணு உடைகிறது, அடுத்தவருக்கு ரத்த ஓட்டத்தில் திரவம் மிதமிஞ்சிப்போயிருக்கிறது. இருவருக்குமே முதலில் ரத்தத்தை நிறுத்த வேண்டும். பையை இறக்காமல் டாக்டரைத் தேடி ஓடுபவர்கள் எல்லா பேட்சிலும் உண்டு, அதை இங்கேயே பிடித்துவிடுங்கள். இந்த ஒரு நோக்கத்துக்கு 20 நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன். வார்டில் அவர்களை மாட்டிவிடப்போவது இதுதான், பட்டியல் மனப்பாடம் அல்ல. நேரம் போதாவிட்டால் 4-ஐ விட்டுவிடலாம், இதை விட வேண்டாம்.

மதிப்பிடுதல்
7. நிரப்பிய ஒரு சார்ட்டைப் பார்த்து, கவனிப்பு நெறிமுறைப்படி நடந்ததா என்று முடிவு கூறி, காரணத்தோடு வாதிடுவார். சார்ட்டில் உள்ளது: ரத்த வங்கியிலிருந்து பெற்றது 10.05, தொடங்கியது 10.50, வைட்டல்ஸ் பதிவு 10.45, அப்புறம் 11.50, முடிந்தது 3.05. மூன்று தவறுகள் இருக்கின்றன: தாமதமாகத் தொடங்கியது, 15 நிமிடப் பதிவு இல்லாதது, நேரம் கடந்து முடிந்தது. மூன்றில் எது நோயாளிக்கு அதிக ஆபத்து என்று ஒன்றைத் தேர்ந்து நியாயப்படுத்த வேண்டும். 15 நிமிடப் பதிவுதான் என்பது என் கருத்து, வேறொன்றைச் சொல்லி நன்றாக வாதிட்டாலும் மதிப்பெண் கொடுங்கள்.

உருவாக்குதல்
இந்த ஒரு மணி நேரத்தில் இல்லை. ஆறு படி இருக்கிறதே என்று ஆறையும் ஒரே வகுப்பில் அடைத்தால் ஒன்றும் நிற்காது. வார்டு போஸ்டிங்கில், தாங்கள் பார்த்த ஒரு நோயாளிக்குக் கவனிப்புத் திட்டம் எழுதச் சொல்லி அதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

மதிப்பீடு: 1, 2 வாய்மொழியாக. 3, 5 நோட்டில். 6 நால்வர் குழுவாக. 7 தனியாக எழுதி, வெளியே போகும்போது மேஜையில் வைத்துவிட்டுப் போக வேண்டும்.