ஏஐ எழுதும் கட்டுரையும் டிடெக்டரும்: பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியை பேசியது

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் உட்காருங்கள். பின்னால் நிற்பவர்களுக்கு எட்டாம் வகுப்பிலிருந்து பெஞ்சு வருகிறது. படகு போகாத நாளாகப் பார்த்துத்தான் வெள்ளிக்கிழமை வைத்தோம். ஜும்ஆவுக்குப் போகிறவர்கள் கவலைப்பட வேண்டாம், பன்னிரண்டுக்கு முன்னால் விட்டுவிடுவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பிள்ளைகள் எழுதுவதைப் பற்றி இந்த வருஷம் ஒரு புதிய விதி போட்டிருக்கிறோம். போனில் ஏஐயிடம் ஒரு வரி கேட்டால் ஒரு பக்கக் கட்டுரை வந்துவிடுகிறது. சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்தது. இப்போது மண்டபத்திலும் உண்டு, பாம்பனிலும் உண்டு, வேதாளையிலும் உண்டு. அப்படி எழுதியதைக் கண்டுபிடிக்க டிடெக்டர் என்று இன்னொரு மென்பொருள் இருக்கிறது. கட்டுரையை அதில் போட்டால் இத்தனை சதவீதம் மெஷின் எழுதியது என்று ஒரு எண் காட்டும்.

நம் விதியின் முதல் வரி இதுதான்: அந்த எண்ணை வைத்து இந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளையின் மீதும் குற்றம் சொல்ல மாட்டோம். ஆசிரியர்கள் பிள்ளைகளின் நோட்டை அதில் ஏற்றவும் கூடாது.

"அப்போ கள்ளத்தனம் பண்றவன எப்படிப் பிடிப்பீங்க?" என்று சிலர் பார்ப்பது தெரிகிறது. சொல்கிறேன். அதற்கு முன்னால் போன வருஷம் நம் பிளஸ் ஒன் மாணவி ஒருத்திக்கு நடந்ததைச் சொல்லியாக வேண்டும். வெளியே ஒரு ஆங்கிலக் கட்டுரைப் போட்டிக்கு எழுதி அனுப்பினாள். தலைப்பு, அம்மாவின் வேலை. அவள் அம்மா பாசி எடுக்கிறவர். டிடெக்டரில் 87 சதவீதம் வந்தது, ஆகையால் நிராகரிக்கிறோம் என்று போட்டிக்காரர்கள் பதில் போட்டார்கள். ஒரு வரிதான். அவளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அவளுடைய ரஃப் நோட்டை நான் வாங்கிப் பார்த்தேன். நான்கு பக்கம், பென்சில். விரலில் துணி சுற்றிக்கொண்டு அம்மா தண்ணீரில் முங்குவதை மூன்று விதமாக எழுதி இரண்டை அடித்திருக்கிறாள். பாசியின் பெயருக்கு ஆங்கிலம் தெரியாமல், ஆங்கில வாக்கியத்துக்கு நடுவே தமிழில் மரிக்கொழுந்து என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறாள். மெஷின் கேள்விக்குறி போட்டு யோசிக்காது. அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை.

ஏன் இப்படி ஆகிறது? டிடெக்டருக்கு யார் எழுதினார்கள் என்று தெரியாது. அடுத்து என்ன வார்த்தை வரும் என்பதை எவ்வளவு சுலபமாக ஊகிக்க முடிகிறது என்பதைத்தான் பெரும்பாலானவை பார்க்கின்றன. "காலையில் எழுந்து பல்" என்று நான் சொன்னாலே "தேய்த்தேன்" என்று நீங்கள் முடித்துவிடுவீர்கள். எல்லா வாக்கியமும் அப்படி ஊகிக்கிற மாதிரி, ஒரே நீளத்தில் வந்தால், மெஷின் எழுதியது என்று முடிவு கட்டிவிடும். ஏனென்றால் ஏஐயும் அடுத்த வார்த்தையை ஊகித்து ஊகித்துத்தான் எழுதுகிறது. சரி, நம் பிள்ளைகள் ஆங்கிலம் எப்படிப் படிக்கிறார்கள்? கைடு வாங்கி, தெரிந்த வார்த்தையை வைத்து, தப்பு வராமல் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுகிறார்கள். நாம்தான் அப்படி எழுதச் சொல்லிக் கொடுத்தோம். மாட்டுவது அவர்கள்.

இது என் சொந்த ஊகம் இல்லை. 2023இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஏழு டிடெக்டர்களைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தார்கள். எல்லாமே மனிதர் கையால் எழுதியவை. சராசரியாக அதில் 61 சதவீதத்தை மெஷின் எழுதியது என்று அவை சொல்லின. அமெரிக்காவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளின் கட்டுரைகளைக் கொடுத்தபோது மட்டும் ஏறக்குறைய சரியாகச் சொல்லின. சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு டிடெக்டர் வெளியிட்டது. ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. துல்லியம் போதவில்லை என்று சொல்லி ஜூலையில் எடுத்துவிட்டார்கள். செய்தவர்களாலேயே முடியாததை நம் பள்ளி கம்ப்யூட்டர் அறை செய்துவிடும் என்று நான் நம்பவில்லை.

ஒரு சதவீதம்தானே தப்பு வரும் என்று சில கம்பெனிகள் சொல்கின்றன. சரி, அதையே எடுத்துக்கொள்வோம். நம்மிடம் 640 பிள்ளைகள். மாதத்துக்கு ஆளுக்கு நான்கு கட்டுரை என்றால் 2,560. ஒரு சதவீதம் என்றால் எந்தத் தப்பும் செய்யாத 25 பேரை மாதா மாதம் என் அறைக்குக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தது. அவர்களுக்கு 75,000 கட்டுரைக்கு 750 வந்தது. 2023 ஆகஸ்டில் டிடெக்டரை நிறுத்திவிட்டார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நிஜமாகவே ஏஐயில் எடுத்த கெட்டிக்காரப் பையன், நாலு எழுத்துப்பிழையைச் சேர்த்தோ, வேறு ஒரு ஆப்பில் போட்டு வார்த்தையை மாற்றியோ தப்பித்துவிடுவான். இதற்கென்றே ஆப் இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன், உங்கள் வீட்டிலேயே தெரிந்திருக்கும்.

இப்போது எப்படிப் பிடிப்போம் என்பது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மீன்பிடித் தடைக்காலம் பற்றித் தமிழ்க் கட்டுரை கொண்டுவந்தான். நல்ல தமிழ், அழகான கையெழுத்து. தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை என்று எழுதியிருந்தான். அது மேற்குக் கடற்கரைக் கணக்கு. நமக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்று இங்கே உட்கார்ந்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வீர்கள். அவன் அப்பாவுக்கு விசைப்படகில் பங்கு இருக்கிறது! தமிழாசிரியை டிடெக்டரையெல்லாம் தேடவில்லை. "உங்கப்பா எந்த மாசம்டா வீட்ல இருக்காரு?" என்று கேட்டார், அவ்வளவுதான். "போன்ல எடுத்தேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டான்.

திட்டவில்லை. அப்பாவிடம் கேட்டு மறுபடியும் எழுதச் சொன்னோம். இரண்டாவது கட்டுரையில், படகைக் கரையேற்றிப் பலகை மாற்றியது, இன்ஜின் வேலைக்கு ஆன செலவு, 8,000 ரூபாய் நிவாரணம் வருவதற்கு முன்னால் யாரிடம் கைமாற்று வாங்கினார்கள் என்பதெல்லாம் இருந்தது. கைமாற்று கொடுத்தவரும் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம், அதனால் மேலே சொல்லவில்லை. பிழைகள் இருந்தன. முதல் கட்டுரையைவிட அதிக மதிப்பெண் அதற்குத்தான்.

ஆகவே ஏற்பாடு இப்படி. மதிப்பெண் போடுகிற கட்டுரை, கடிதம் எல்லாம் வகுப்பில் கையால் எழுத வேண்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் யாரும் போன் தரப்போவதில்லை, இந்தப் பழக்கம் அங்கேயும் உதவும். வீட்டில் எழுதுகிற பெரிய வேலை, பிராஜெக்ட் மாதிரி ஏதாவது என்றால், ரஃப் நோட்டும் சேர்த்து வர வேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் மதிப்பெண் குறையாது. ரஃப் நோட்டையும் நல்ல கையெழுத்தில் எழுதி அனுப்பாதீர்கள் அம்மா, சில வீடுகளில் அதுவும் நடக்கிறது. அப்புறம் ஆசிரியர் ஐந்து நிமிஷம் அந்தப் பிள்ளையோடு பேசுவார். இந்த வரி ஏன், இது யார் சொன்னது, இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம். கூச்ச சுபாவம் உள்ள பிள்ளை பேசத் திணறினால் அதையே குற்றமாக எடுக்கக் கூடாது என்றும் ஆசிரியர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். எழுதிக் காட்டச் சொல்லலாம்.

எட்டாம் வகுப்பு வரை பள்ளி வேலைக்கு ஏஐ வேண்டாம். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, புரியாத பாடத்தை விளக்கச் சொல்லிக் கேட்கலாம், இலக்கணச் சந்தேகம் கேட்கலாம். ஆனால் கேட்டதைக் கடைசியில் இரண்டு வரியில் எழுதிவிட வேண்டும்: எதில் கேட்டேன், எதற்குக் கேட்டேன். எழுதினால் மதிப்பெண் குறையாது, மறைத்தால்தான் பிரச்சினை. ஆசிரியர்களுக்கும் இதுவேதான். ஏஐயை வைத்து வினாத்தாள் தயாரித்தால் அடியில் குறிப்பிட வேண்டும். பிள்ளைக்கு ஒன்று, டீச்சருக்கு ஒன்று என்று இருக்க முடியாது.

சந்தேகம் வந்தால் முதலில் அந்தப் பிள்ளையிடம் தனியாகப் பேசுவோம், வகுப்பில் எழுப்பி நிற்க வைத்து அல்ல. தேவைப்பட்டால் உங்களில் ஒருவரும், பாடம் எடுக்காத இன்னொரு ஆசிரியரும் உடன் இருப்பார்கள். தப்பு என்று ஒப்புக்கொண்டால் மறுபடி எழுத வேண்டும். இரண்டாவது முறை என்றால் அந்த வேலைக்கு மதிப்பெண் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பின் அகமதிப்பீட்டுப் பத்து மதிப்பெண் பற்றி மட்டும் என்னைக் கேட்காமல் யாரும் முடிவெடுக்க மாட்டார்கள். டிசி கொடுப்போம் என்ற பேச்சே கிடையாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இதற்காக யாரும் புதுப் போன் வாங்க வேண்டாம். வீட்டுப் போனை அப்பா கடலுக்கு எடுத்துப் போய்விட்டால் பிள்ளை நோட்டில் எழுதினால் போதும். இன்னொன்று, பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து பிராஜெக்டை அச்சடித்து வாங்குகிற வழக்கம். அது ஏஐ வருவதற்கு முன்பே இருந்தது, அப்போதும் அது பிள்ளையின் வேலை இல்லை. சாட்ஜிபிடி கணக்கு வைக்கப் பதின்மூன்று வயதாவது ஆக வேண்டும், பதினெட்டு வரை பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. பிள்ளை உங்கள் கணக்கில் என்ன கேட்கிறது என்று ஒருமுறை வாங்கிப் பாருங்கள். வீட்டு விலாசம், ஆதார் எண்ணையெல்லாம் அதில் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் வாப்பாமார்களுக்கு, அப்பாமார்களுக்கு இந்தப் பேச்சின் பதிவை வகுப்பாசிரியர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள்.

விதி முழுவதும் தமிழில் ஒரே தாளில் இருக்கிறது. வகுப்பாசிரியர்கள் வராந்தாவில் மேசை போட்டிருக்கிறார்கள். வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு அவர்களே வாசித்துச் சொல்வார்கள். ஒத்துவராத வரி இருந்தால் பக்கத்தில் எழுதுங்கள், காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு உட்கார்ந்து மாற்றுவோம். ஒன்பதாம் வகுப்புக்காரர்கள் முதல் மேசைக்குப் போங்கள். கேள்வி இருக்கிறவர்கள் இங்கேயே இருங்கள், மைக் உங்களிடம் வரும்.