நேர்காணல் விவரங்களை எழுத்தில் தெரிவிக்க வேண்டி

மதிப்பிற்குரிய மனிதவள மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கணக்குப் பிரிவு உதவியாளர் பணிக்கு இம்மாதம் 3ஆம் தேதி விண்ணப்பித்திருந்தேன். நேற்று காலை உங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டு முறை அழைப்பு வந்திருப்பதைப் பிற்பகலில்தான் பார்த்தேன். எனக்குச் செவித்திறன் குறைபாடு உண்டு. தொலைபேசியில் பேசுவது விளங்காது. அதனால்தான் திரும்ப அழைக்காமல் இதை எழுதுகிறேன். விண்ணப்பப் படிவத்தில் இதைச் சொல்ல இடமில்லை.

நேர்காணல் நாள், நேரம், இடம், கொண்டுவர வேண்டிய சான்றிதழ்கள் ஆகியவற்றை இந்த மின்னஞ்சலுக்கே அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்கே பதில் எழுதிவிடுவேன். கடைசி நேரத்தில் ஏதாவது மாறினால் குறுஞ்செய்தி போதும்.

நேர்காணலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் வாய்விட்டுத் தெளிவாகப் பேசுவேன். அதைக் கேட்பவர்கள் எனக்குக் காதும் ஓரளவு கேட்கும் என்று எண்ணிச் சற்று நேரத்தில் இயல்பான வேகத்துக்குப் போய்விடுவார்கள். அது யாருடைய தவறும் இல்லை, பழக்கம். காதுகருவி அணிந்திருந்தாலும் ஒலி வருமே தவிர, சொற்கள் பிரிந்து கேட்பதில்லை. உதட்டசைவைப் பார்த்துப் பாதியைப் பிடித்துக்கொள்வேன், மீதி ஊகம்தான். தொகையும் தேதியும் ஊகத்தில் சரியாக வராது என்பது கணக்குப் பிரிவினருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே கேள்விகளை எழுத்தில் தந்தால் நன்றாக இருக்கும். கணினியில் தட்டச்சு செய்து திரையை என் பக்கம் திருப்பினாலும் சரி, தாளில் எழுதிக் காட்டினாலும் சரி. பதிலை நான் வாயாலேயே சொல்வேன். கேள்விகளை முன்கூட்டியே அனுப்பும்படி நான் கேட்கவில்லை. மற்றவர்களுக்கு எப்போது தெரியுமோ அப்போது எனக்கும் தெரிந்தால் போதும். எழுதிக் காட்டுவதால் பத்து, பதினைந்து நிமிடம் கூடலாம். அதற்கேற்ப நேரம் ஒதுக்க இயலுமா என்று தெரிவியுங்கள்.

காணொளி வழி நேர்காணல் என்றால் அரட்டைப் பெட்டியில் கேள்விகளை எழுதுங்கள். தானாக ஓடும் வசன வரிகளை மட்டும் நம்ப முடிவதில்லை; பெயர்களையும் எண்களையும் அடிக்கடி மாற்றிக் காட்டிவிடுகின்றன.

சிறிய விஷயம் இன்னொன்று: காத்திருக்கும் அறையில் பெயர் சொல்லி அழைத்தால் எனக்குத் தெரியாது. வரவேற்பில் இருப்பவர் அருகில் வந்து கையசைத்தால் எழுந்து வந்துவிடுவேன்.

தேர்வு முடிவையும் மின்னஞ்சலிலேயே தெரிவிக்க வேண்டுகிறேன். இந்த ஏற்பாடுகளில் எதற்காவது சிரமம் இருந்தால் எழுதுங்கள். வேறு வழி யோசிக்கலாம்.

நன்றி.

இப்படிக்கு,
கவிதா
விண்ணப்பதாரர், கணக்குப் பிரிவு உதவியாளர் பணி