உடையும் குடம், உடையாத தோணி: ஒரு படைப்புக் கதையை அமைப்பியல் வழியே படித்தல்

(மாட்டுங்கா ஞாயிறு வாசிப்பு வட்டம், தொன்மக் கருத்தரங்கில் படிப்பதற்கு)

முதலில் கதை. தாராவியில் எங்கள் வீட்டில் அம்மா சொல்லும் பாடத்தையே, அதாவது அவர் வாயில் வரும் கதை வடிவத்தையே, எடுத்துக்கொள்கிறேன். அவர் பிறந்த ஊர் கும்பகோணம்; இது அந்த ஊர் தோன்றிய கதை.

ஊழி வரப்போகிறது. பிரம்மா படைப்பின் வித்துகளையும் அமுதத்தையும் ஒரு மண்குடத்தில் போட்டு, மாவிலையும் தேங்காயும் வைத்து, பூணூல் சுற்றி மேருமலையில் வைக்கிறார். வெள்ளம் அதைத் தூக்கித் தெற்கே கொண்டுவருகிறது. குடம் தரை தட்டுகிறது. வேடனாக வந்த சிவன் அம்பு விட, குடம் உடைகிறது. வழிந்த அமுதம் மகாமகக் குளமாகிறது; அமுதம் ஊறிய மணலைப் பிசைந்து சிவன் லிங்கம் செய்கிறார். தேங்காய் விழுந்த இடம், பூணூல் விழுந்த இடம் என்று ஊரெல்லாம் கோயில். தேவாரத்தில் இந்த ஊரின் பெயர் குடமூக்கு.

இதை, அமைப்பியல் வழியில் தொன்மங்களை ஆராய்ந்த பிரெஞ்சு மானிடவியலாளர் லெவி ஸ்ட்ராஸ் 1955இல் எழுதிய கட்டுரையின் வழியில் பிரிப்போம். ஒவ்வொரு நிகழ்ச்சியையும் ஒரு சிறு வாக்கியமாக்கி, தனித்தனிச் சீட்டில் எழுத வேண்டும். பிறகு ஒரே வகை உறவைச் சொல்லும் சீட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்க வேண்டும். இடமிருந்து வலமாகப் படித்தால் கதை. மேலிருந்து கீழாகப் படித்தால் அமைப்பு. பல வாத்தியங்களுக்கான இசைக்குறிப்பை அப்படித்தான் படிக்கிறார்கள் என்பது அவர் சொன்ன உவமை.

எனக்குக் கிடைத்தவை இரண்டு வரிசைகள். குடத்தில் இடுவது, சுற்றிக் கட்டுவது எல்லாம் அடைப்பது. அம்பு, உடைசல், வழிதல், சிதறல் எல்லாம் திறப்பது. தண்ணீரைப் பாருங்கள், இரண்டு தரம் வருகிறது. குடத்துக்கு வெளியே கரையில்லாத தண்ணீர், அது கொல்கிறது. குடத்துக்குள்ளே அடைபட்ட நீர், அது உயிர் தருகிறது. ஆனால் அடைபட்டே கிடந்தால் படைப்பு இல்லை. அதைத் திறப்பவன் கொல்வதையே தொழிலாகக் கொண்ட வேடன். திறந்த நீரும் மறுபடி கரையில்லாமல் போய்விடவில்லை, நான்கு கரை கட்டிய குளத்தில் நிற்கிறது. உயிருக்கும் அழிவுக்கும் நடுவே நிற்பவை குடமும் வேடனும்.

ஒரு பாடம் போதாது, இன்னோர் ஊர்க் கதையையும் வைக்க வேண்டும். சீர்காழியிலும் ஊழிதான். அங்கே சிவன் உமையோடு தோணியில் ஏறி வருகிறார், தோணி உடைவதில்லை. கும்பகோணத்தில் கடவுள் கலத்துக்கு வெளியே நின்று அதை உடைக்கிறார், சீர்காழியில் உள்ளே இருந்து காக்கிறார். ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றொன்று. இந்த முறையின் உண்மையான பலம் இங்கேதான் என்று நினைக்கிறேன். தனிக் கதையில் கண்ணில் படாதது, இரண்டை அருகருகே வைத்தால் படுகிறது.

சரி, இனி என் தப்பு. முதலில் மூன்றாவதாக ஒரு வரிசையும் போட்டிருந்தேன்: சுட்டது, சுடாதது. சுட்ட மண்குடம் உடைந்து, சுடாத மணல் லிங்கம் வருகிறது என்று. ரொம்ப அழகாக இருந்தது. அம்மாவிடம் காட்டினேன். அவர் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “குடத்தைச் சுட்டாங்கன்னு நான் எப்பச் சொன்னேன்?” என்றார். சொல்லவில்லைதான். தினமும் 90 அடி சாலையில் குயவர்கள் வாழும் கும்பர்வாடாவைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன், சூளைப் புகை சட்டையில் ஒட்டும். அந்தப் புகைதான் கதைக்குள் வந்துவிட்டது.

வரிசைகளைப் போடுவது படிப்பவன். அவன் கொண்டுவந்ததையே அவன் கண்டுபிடிக்கவும் கூடும். ஈடிப்பஸ் கதைக்கு ஃபிராய்டு தந்த விளக்கத்தையும் அக்கதையின் இன்னொரு பாடமாகவே கொள்ளலாம் என்றார் லெவி ஸ்ட்ராஸ். அப்படியானால் என் சூளையும் ஒரு பாடம் என்று நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வாசலைத் திறந்துவிட்டால் எந்த வாசிப்பும் தப்பே ஆகாது. நான் வைத்துக்கொண்ட விதி இது: அடைப்பது, திறப்பது போன்ற ஓர் எதிர்வு குறைந்தது இரண்டு பாடங்களில், சொல்பவர் வாயிலேயே வர வேண்டும். சுட்டதும் சுடாததும் அதில் விழுந்துவிட்டது.

இன்னொரு குறை, சீட்டு அடுக்கும்போது முன்பின் போய்விடுகிறது. அம்மா சொல்லும்போது அம்பு விட்டவன் யார் என்பதைக் கடைசிவரை சொல்லமாட்டார். கேட்பவன் அந்த வேடனைத் திட்டிய பிறகுதான் அவன் சிவன் என்று தெரியும். என் அடுக்கில் அந்தத் திட்டுக்கு இடமே இல்லை.

வரலாறும் அப்படியே. ஊழியில் பிழைத்த ஊர் எங்கள் ஊர்தான் என்று ஏன் பல தலபுராணங்கள் போட்டிபோடுகின்றன? பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, கடைசியாக 2016இல், அந்தக் குளத்தில் அத்தனை பேர் முங்கி எழுந்தது இந்தக் கதையால்தானா, அல்லது முங்குவதற்காகக் கதை வந்ததா? எதிர்வுகளின் பட்டியல் இதற்குப் பதில் தராது; கோயில் கல்வெட்டையும் ஊர் வரலாற்றையும் புரட்ட வேண்டும்.

கலந்துரையாடலுக்கு என் சீட்டுகளை மேசையில் வைக்கிறேன், பதினேழு இருக்கின்றன. வேறு மாதிரி அடுக்கிப் பாருங்கள். உங்கள் ஊரில் ஊழி வெள்ளக் கதை இருந்தால் அதையும் சொல்லுங்கள், வெற்றுச் சீட்டு நிறையக் கொண்டுவந்திருக்கிறேன்.