பெட் 7, பிபி 86/50: உடனே வரவும் (இரவு 2.15)

சார், பெண்கள் வார்டு நைட் டூட்டி ஸ்டாஃப் பேசுகிறேன். இரண்டு தடவை ஃபோன் அடித்தேன், எடுக்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். இதைப் பார்த்ததும் முதலில் கூப்பிடுங்கள், மிச்சத்தை வரும் வழியில் படித்துக்கொள்ளலாம்.

நிலைமை: பெட் 7, முக்கூடல் அம்மா, 62 வயது. 2.10-க்கு பிபி 86/50, நாடி 128, மூச்சு நிமிஷத்துக்கு 30, ஆக்ஸிஜன் இல்லாமல் சாச்சுரேஷன் 91, காய்ச்சல் 102.6, சுகர் 342. புத்தி தடுமாறுகிறது. 10 மணிக்கு என்னோடு நன்றாகப் பேசினார். இப்போது பெட்ஷீட் ஓரத்தைப் பிடித்து விரலால் பீடி சுற்றுவது போலச் சுற்றிக்கொண்டே இருக்கிறார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திறந்து, "கட்டு எண்ணிட்டியா ளா?" என்று கேட்டுவிட்டு மூடிக்கொள்கிறார். பக்கத்தில் நிற்கும் மகளை அடையாளம் தெரியவில்லை.

பின்னணி: நேற்று மாலை 6 மணிக்கு காய்ச்சல், குளிர் நடுக்கம், இடது விலாப் பக்கம் வலி என்று அட்மிஷன். சிறுநீரகத் தொற்று என்று நீங்கள் பார்த்து எழுதினீர்கள். 12 வருஷமாக சுகர், பிபியும் உண்டு. வெள்ளை அணு 17,400, கிரியாட்டினின் 1.6, யூரினில் சீழ் செல் நிறைய. யூரின் கல்ச்சர் எடுத்த பிறகுதான் 7 மணிக்கு செஃப்ட்ரையாக்ஸோன் 1 கிராம் போட்டோம். அதற்கு அலர்ஜி ஒன்றும் வரவில்லை. ஸ்கேன் காலையில் என்று வைத்திருக்கிறது.

இரண்டு விஷயம் முக்கியம் சார். ஒன்று, பென்சிலின் ஆகாது. நான்கு வருஷம் முன்னால் ஊசி போட்டு முகமெல்லாம் வீங்கியதாக மகள் இப்போதுதான் சொன்னார். அட்மிஷன் கேஸ் ஷீட்டில் அது இல்லை, சிவப்பு மையில் எழுதிவிட்டேன். மருந்து மாற்றினால் பைப்பராசிலின் வேண்டாம் என்று நினைவுபடுத்துகிறேன். இன்னொன்று, 8 மணிக்கு வழக்கமான அம்லோடிபின் 5 மில்லிகிராம் கொடுத்திருக்கிறது. அப்போது பிபி 130/80. காலை மாத்திரையை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

என் கணிப்பு: தொற்று ரத்தத்தில் ஏறி ஷாக்குக்குப் போகிறார் என்று நினைக்கிறேன். 10 மணிக்கு நியூஸ் ஸ்கோர் 1, இப்போது 16. முழங்கை வரை கை சில்லென்று இருக்கிறது, நகத்தை அழுத்தி விட்டால் ரத்தம் திரும்ப நான்கு விநாடி ஆகிறது. 10 மணியிலிருந்து 2 மணி வரை பையில் இறங்கிய யூரின் 40 எம்எல்தான். எடை 58 கிலோ, மணிக்கு 29-ஆவது வர வேண்டும். குழாயை அலசிப் பார்த்தேன், அடைப்பு இல்லை. 12.30-க்கு பிபி 108/66, நாடி 110 இருந்தது. காய்ச்சல் வேகம் என்று எண்ணி, ஒரு மணிக்கு மறுபடி பார்க்கலாம் என்று விட்டேன். அப்போதே கூப்பிட்டிருக்க வேண்டும். நெஞ்சில் கரகரப்பு இல்லை, இதயக் கோளாறு இருந்ததாக வரலாறும் இல்லை.

செய்திருப்பது: ஸ்டாண்டிங் ஆர்டர்படி மாஸ்க்கில் ஆக்ஸிஜன் 6 லிட்டர், இப்போது சாச்சுரேஷன் 95. இடது கையில் 18 கேஜ் இரண்டாவது லைன் போட்டு நார்மல் சலைன் 500 வேகமாக ஓடுகிறது. ரத்தக் கல்ச்சர் இரண்டு பாட்டில் எடுத்தாயிற்று. லாக்டேட், பொட்டாசியம், கிரியாட்டினின் லேபுக்குப் போய்விட்டது. யூரின் கீட்டோன் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கால் மணிக்கு ஒரு தடவை பிபி பார்க்கிறேன்.

உங்களிடம் வேண்டுவது: நீங்கள் வந்து பார்க்க வேண்டும், ஃபோனில் ஆர்டர் மட்டும் போதாது. ட்யூட்டி டாக்டர் தியேட்டரில் எமர்ஜென்சி சிசேரியனில் இருக்கிறார். கல்லிடையிலிருந்து நீங்கள் வர பத்து நிமிஷம்தான். அதற்குள் கிலோவுக்கு 30 எம்எல் கணக்கில் 1,740 வரை சலைன் ஓட்டலாமா? மருந்தை மெரோபெனமுக்கு மாற்றுவதா? பார்மசியில் இருக்கிறது, உங்கள் ஆர்டர் வந்ததும் கரைக்கிறேன். முதல் 500 முடிந்தும் பிபி ஏறாவிட்டால் நார் அட்ரினலின் தயார் பண்ணட்டுமா? இன்சுலின் எவ்வளவு? பொட்டாசியம் வரும்வரை காத்திருக்கவா? அப்புறம், கல் அடைத்துச் சீழ் தேங்கியிருந்தால் இங்கே வடிக்க வசதி இல்லை. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு இங்கிருந்து ஒரு மணி நேரம் ஆகும். இப்போதே 108-க்குச் சொல்லி வைக்கட்டுமா, நீங்கள் பார்த்த பிறகா?

மகள் தனியாக நிற்கிறார். நிலைமை மோசம், டாக்டரைக் கூப்பிடுகிறோம் என்று உள்ளபடியே சொன்னேன். அண்ணனுக்கு ஃபோன் பண்ணியிருக்கிறார்.

நீங்கள் கூப்பிட்டால் ஒவ்வொரு ஆர்டரையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொள்கிறேன். 2.25 வரை பதில் இல்லையென்றால் சீஃப் டாக்டர் வீட்டுக்கு ஃபோன் போடுவேன், 108-ஐயும் கூப்பிட்டுவிடுவேன். பெட் பக்கத்தில்தான் நிற்கிறேன், ஃபோன் கையிலேயே இருக்கிறது.