ஆய்வு மற்றும் சோதனைத் திட்டம்: கிடங்குக் கட்டடத்தின் ஸ்டீல் எரெக்‌ஷன்

வேலை: 24 மீட்டர் அகல ஒற்றைத் தளக் கிடங்கு, தூண் உயரம் 9 மீட்டர். போல்ட்: ஏ325எம், எம்24 × 80. திருத்தம் 1.

ஹோல்டு (ஹோ): ஆலோசகர் கையெழுத்துப் போடும்வரை அடுத்த வேலையில் கை வைக்கக் கூடாது. 48 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அழைப்பு.
விட்னஸ் (வி): 24 மணி நேரத்துக்கு முன் அழைப்பு. குறித்த நேரத்துக்கு வராவிட்டால், அதைப் பதிந்துவிட்டு வேலையைத் தொடரலாம்.
செ: செய்து பதிவு. ப: பதிவைப் பார்த்தல்.
போனில் சொன்னது அழைப்பாகாது.

| எண் | நிலை | ஒப்பந்ததாரர் | க்யூசி | ஆலோசகர் |
|---|---|---|---|---|
| 1 | ஆங்கர் போல்ட் சர்வே | செ | செ | ஹோ |
| 2 | பொருள் வரவு, மில் சான்றிதழ் | செ | செ | ப |
| 3 | தூக்கும் திட்டம், முதல் தூக்கு | செ | வி | ஹோ |
| 4 | தூண், தற்காலிக பிரேசிங் | செ | செ | வி |
| 5 | போல்ட் லாட் சோதனை | செ | செ | ஹோ |
| 6 | போல்ட் முறுக்கல் | செ | செ | வி |
| 7 | சைட் வெல்டிங், யூடி | செ | செ | வி |
| 8 | இறுதி சர்வே | செ | செ | ஹோ |
| 9 | கிரவுட் | செ | செ | வி |
| 10 | பெயிண்ட் டச்-அப் | செ | செ | ப |

நிலை 1: ஒரு கூட்டத்தில் எந்த இரண்டு போல்ட்டுக்கும் இடையே விலகல் 3 மிமீ-க்குள். மீறினால் பேஸ் பிளேட் ஓட்டையைக் கேஸ் கட்டரால் பெரிதாக்கக் கூடாது. வடிவமைப்புப் பொறியாளரின் எழுத்து ஒப்புதலோடுதான் திருத்தம். தூண் வந்து இறங்கிய பிறகு இந்தத் தவறு தெரிந்தால் கிரேனும் ஆட்களும் சும்மா நிற்க நேரும், அவசரத்தில் அறுப்பதும் அப்போதுதான். அதனால்தான் இது ஹோல்டு.

நிலை 4: செங்குத்து விலகல் உயரத்தில் 500-ல் ஒரு பங்கு, அதாவது 18 மிமீ. குறைந்தது இரண்டு பிரேம் நிலையான பிரேசிங்கோடு இணைந்து, போரமன் சரி சொல்லும்வரை தற்காலிக பிரேசிங் கேபிள் கழற்றப்படாது.

நிலை 5, 6: ஒவ்வொரு லாட்டிலும் 3 செட்டை இழுவிசைக் கருவியில் முறுக்கிப் பார்க்க வேண்டும். தேவை 205 கிலோநியூட்டன், சோதனையில் அதற்கு 5 சதவீதம் மேல், 215. சோதனை முடிந்து கையெழுத்து வராமல் அந்த லாட்டில் ஒரு போல்ட்கூட இறுகக் கூடாது. தளத்தில் முதலில் பிளேட்கள் ஒட்டும்வரை இறுக்கி, நட்டுக்கும் போல்ட்டுக்கும் சேர்த்துக் கோடு போட்டு, அப்புறம் மூன்றில் ஒரு சுற்று. கோடு இல்லாத போல்ட்டை முறுக்காத போல்ட்டாகவே எடுத்துக்கொள்வோம். ஒருமுறை முழு இழுவிசை கண்ட போல்ட்டை மறுபடி பயன்படுத்துவதில்லை.

நிலை 7: தகுதி பெற்ற வெல்டர் மட்டும். முழு ஊடுருவல் இணைப்புகள் எல்லாவற்றுக்கும் யூடி, சுயாதீன லேப் மூலம்.

நிலை 8, 9: சர்வே கையெழுத்தான பிறகே கிரவுட். ஷிம் இருக்கும் இடத்தில் பேஸ் பிளேட்டுக்கு அடியில் காற்றுப்பை தங்காதபடி ஒரே பக்கத்திலிருந்து ஊற்ற வேண்டும்.

தோல்வியுற்ற எந்தச் சோதனைக்கும் அன்றே இணக்கமின்மை அறிக்கை எழுதப்படும். அதை மூடும் அதிகாரம் ஆலோசகருக்கு மட்டும். பதிவுகள் க்யூசி பொறியாளரிடம் இருக்கும், ஒப்படைப்பின்போது முழுத் தொகுப்பும் உரிமையாளருக்குப் போகும்.