டெங்கு: ஞாயிறுதோறும் வீட்டில் பார்க்க வேண்டியவை

ஏ, பி, சி பிளாக் வீட்டுக்காரர்கள், வாடகைக்கு இருப்பவர்கள் அனைவருக்கும்,

மழை தொடங்கியதிலிருந்து "புகை எப்போது அடிப்பார்கள்?" என்றே எல்லாரும் கேட்கிறீர்கள். மாநகராட்சியிடம் சொல்லியிருக்கிறோம். ஆனால் புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். தண்ணீரில் நெளியும் புழுவை ஒன்றும் செய்யாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நம் வீட்டுக்குள் தேங்கும் நல்ல தண்ணீர்தான் அதற்கு வேண்டும். முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை, ஞாயிறு காலை 10 மணிக்கு, எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் இவற்றைப் பார்த்துவிடுவோம்:

☐ ஃப்ரிட்ஜின் பின்னால், கீழே இருக்கும் தட்டு. பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. டார்ச் அடித்துப் பாருங்கள். புழு இருந்தால் வெளிச்சம் பட்டதும் துள்ளும்.

☐ டிரம், குடம், பக்கெட். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் பட்டால் பொரிந்துவிடும். பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, மூடியோ துணியோ இடைவெளியில்லாமல் கட்டுங்கள்.

☐ பூந்தொட்டித் தட்டு, மணி பிளான்ட் பாட்டில், ஏர் கூலர், ஏசி தண்ணீர் விழும் பக்கெட்.

☐ பூட்டியே கிடக்கும் பாத்ரூம். வாரம் ஒருமுறை ஃப்ளஷ் செய்யுங்கள்.

☐ பால்கனியில் கொட்டாங்குச்சி, பெயின்ட் டப்பா, பழைய டயர், ஆட்டுக்கல். வேண்டாததைத் தூக்கிப் போடுங்கள், வேண்டியதைக் கவிழ்த்து வையுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வருடக்கணக்கில் கிடக்கும் சாமான்கள் எவை என்று உங்களுக்கே தெரியும்.

மொட்டைமாடி டேங்க், சம்ப், லிஃப்ட் குழி மூன்றும் சங்கத்தின் பொறுப்பு. பி பிளாக் டேங்க் மூடி உடைந்திருக்கிறது. சனிக்கிழமைக்குள் புதிது போடப்படும்.

கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்தால் கதவைத் திறந்து விடுங்கள். "போன வாரம்தானே பார்த்தீங்க" என்று திருப்பி அனுப்பாதீர்கள். அவர்கள் வாராவாரம் வருவதே அதற்காகத்தான். ஊருக்குப் போகிறவர்கள் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இந்தக் கொசு பகலில்தான் கடிக்கும். பகலில் தூங்கும் குழந்தைக்கும் கொசுவலை கட்டுங்கள்.

காய்ச்சல் வந்தால் நீங்களாக மாத்திரை வாங்கிப் போடாமல் டாக்டரிடம் போங்கள். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வேண்டவே வேண்டாம். ரத்தக் கசிவு கூடும். காய்ச்சல் விட்டதும் ஆபத்து போய்விட்டது என்று இருந்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு ஏதாவது தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி.

மாநகராட்சி புகார்: 1913. மருத்துவ ஆலோசனை: 104.

யார் வீட்டிலாவது டெங்கு உறுதியானால் சங்கத்துக்கு அன்றே சொல்லுங்கள். பெயரை வெளியிட மாட்டோம். அக்கம்பக்கத்து வீடுகளை உடனே பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம், வேளச்சேரி