பண்டிகைக் கால உச்சத்துக்கான ஆள், சரக்கு, இடத் திட்டம்

பெறுநர்: கிடங்கு, கொள்முதல், மனிதவளம், டெஸ்பாட்ச், வாடிக்கையாளர் சேவைப் பிரிவுகளின் பொறுப்பாளர்கள்

போன வருடம் உச்ச நாளில் நமக்கு வந்த ஆர்டர் 8,900. அன்றைக்கு வெளியே போனது 7,300. மீதி 1,600 அடுத்த நாள் தலையில் ஏறியது, அது அதற்கடுத்த நாளுக்குத் தள்ளியது. ஆள் போதவில்லை என்றுதான் அப்போது எல்லோரும் சொன்னோம். பதிவுகளை மறுபடி பார்த்தபோது வேறு கதை தெரிகிறது. பிற்பகல் முழுக்க தற்காலிகப் பணியாளர்களில் பத்துப் பேராவது பேக்கிங் மேசை எப்போது காலியாகும் என்று காத்து நின்றிருக்கிறார்கள். ஆகவே இந்தத் திட்டம் ஆள் கணக்கில் முடிந்துவிடவில்லை; மேசை, ஸ்கேனர், வாசல் வரை போகிறது.

எவ்வளவு வரும்

இந்த முறை உச்ச நாளுக்கு 9,600 ஆர்டர் என்று வைத்திருக்கிறேன். சாதாரண நாளில் 3,200, அதாவது மூன்று மடங்கு. கணிப்பை எடுத்தது போன வருட விற்பனையிலிருந்து அல்ல, வந்த ஆர்டரிலிருந்து. சரக்குத் தீர்ந்துபோன நாட்களில் விற்பனை குறைவாகத்தான் காட்டும். அதை அப்படியே எடுத்தால் போன வருடப் பற்றாக்குறையை இந்த வருடமும் திட்டமிட்டே வாங்கியதாகிவிடும். தீர்ந்துபோன பொருட்களுக்கு அதற்கு முந்தைய நாட்களின் வேகத்தைப் போட்டு நிரப்பியிருக்கிறேன்.

மூன்று மடங்கு என்பது ஆர்டருக்குத்தான். சாதாரண நாளில் ஓர் ஆர்டரில் சராசரியாக 1.6 பொருள், பண்டிகைக்கு 2.1. எனவே ரேக்கிலிருந்து எடுக்க வேண்டியது 5,120-லிருந்து 20,160 ஆகிறது, கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

இன்னொன்று: நமக்கு உச்சம் பண்டிகை அன்று இல்லை. கூரியருக்கு மூன்று நாள் வேண்டும் என்பதால், பண்டிகைக்கு 7 நாள் முன்பிலிருந்து 4 நாள் முன்புவரை உள்ள நான்கு நாட்கள்தான் உண்மையான நெருக்கடி.

ஆள்

நிரந்தர பிக்கர் மணிக்கு 70 பொருள் எடுக்கிறார். எட்டு மணி நேர ஷிப்டில் கைக்கு வேலை கிடைப்பது ஆறரை மணி நேரம், எனவே நாளைக்கு 455. நம்மிடம் 14 பேர், 6,370 முடியும். புதியவர் முதல் நாளில் இதில் பாதியைக்கூடத் தொட மாட்டார், ஒரு வாரத்தில் முக்கால்வாசிக்கு வருவார். அப்படி 340 வீதம் பார்த்தால் மீதிக்கு 41 பேர். நெருக்கடி நாட்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் வராமல் போவதையும் சேர்த்தால் 47.

இதைக் குறைக்க வழி இருக்கிறது. தனியாகவே அதிகம் விற்கும் 20 பொருட்களை முன்கூட்டியே பெட்டியில் போட்டு ஒட்டி வைத்துவிடலாம். ஆர்டர் வந்ததும் முகவரி லேபிள் மட்டும். நாளைக்கு சுமார் 2,000 ஆர்டர் பிக்கிங்குக்கே வராது. தேவை 40 பேராக இறங்குகிறது. இந்தப் பெட்டிகளை எப்போது கட்டுவது? வேலை மந்தமாக இருக்கும் இந்த மூன்று வாரத்தில், நம் நிரந்தரப் பணியாளர்களே.

பேக்கிங்கில்தான் சிக்கல். மீதமுள்ள 7,600 ஆர்டருக்கு, பழையவரும் புதியவரும் கலந்து ஒரு மேசைக்கு ஒரு ஷிப்டில் 190 என்று வைத்தால், 12 மேசையில் இரண்டு ஷிப்டுக்கு 4,560தான். எத்தனை பேரைக் கூட்டி வந்தாலும் அதுதான். இன்னும் 8 மேசை போட வேண்டும். 20 மேசையில் சரியாக 7,600 வருகிறது. துளி இடைவெளி இல்லை என்பதைக் கவனியுங்கள். அதனால் அந்த நான்கு நாட்கள் மட்டும் 10 மேசையில் நான்கு மணி நேர இரவு ஷிப்ட், 900 ஆர்டருக்கு. மேசைகளுக்கான இடம்: திரும்பி வந்த பொருட்கள் அடுக்கியிருக்கும் மூலை. அதை இந்த வாரமே காலி செய்தாக வேண்டும்.

பேக்கிங்குக்கு 28, ஏற்றி இறக்க 8, திரும்பி வரும் பொருட்களுக்கு 4. பிக்கிங்கோடு சேர்த்து மொத்தம் 80 தற்காலிகப் பணியாளர்கள். இரவு ஷிப்டை ஓவர்டைம் சம்மதித்தவர்களை வைத்து நடத்துவோம். ஒரே நாளில் 80 பேரை உள்ளே விடக் கூடாது. பண்டிகைக்கு 21 நாள் முன் 20 பேர், 16 நாள் முன் 30, 12 நாள் முன் 30. முதல் அணி தேறியபின் அடுத்த அணிக்கு அவர்களே துணை நிற்பார்கள். போர்க்லிப்ட் பக்கம் தற்காலிகப் பணியாளர் யாரும் போகக் கூடாது. இதில் விதிவிலக்கே கிடையாது.

ஒரு ஷிப்டில் 25 பிக்கர். ஸ்கேனர் 18 இருக்கிறது. 10 வாடகைக்கு, மூன்று உபரி. அப்புறம் லாகின். போன வருடம் முதல் நாள் காலையில் 19 பேர் கழுத்தில் அடையாள அட்டையோடு சுவரோரமாக இரண்டு மணி நேரம் நின்றார்கள், ஸ்கேனரில் நுழையப் பயனர் பெயர் உருவாக்கவில்லை என்பதால். அதில் நான்கு பேர் மறுநாள் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இம்முறை ஒவ்வோர் அணிக்கும் இரண்டு நாள் முன்பே பெயர்கள் உருவாகி, சோதித்தும் இருக்க வேண்டும்.

சம்பளம் வாரா வாரம், சொன்ன நாளில். கடைசி நாள்வரை இருப்பவர்களுக்கு ஊக்கத்தொகை உண்டு. அதை சேரும்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

சரக்கு

மூன்று துணைக் கிடங்குகளுக்கும் முன்கூட்டியே சரக்கு அனுப்புகிறோம். எல்லாவற்றையும் அல்ல. ஓரிடத்துக்கு அனுப்பியதைப் பண்டிகைக்குள் இன்னோரிடத்துக்குத் திருப்ப நேரமிருக்காது. மூன்று ஊர்களின் கணிப்பும் தனித்தனியாகத் தவறும். சேர்த்துப் பார்த்தால் ஒன்றின் மிகுதி மற்றதன் குறைவை ஓரளவு ஈடுகட்டும். அதனால் வருடம் முழுக்கச் சீராக ஓடும் 140 பொருட்கள் மட்டும் முன்னே போகும், அதுவும் அந்தந்தக் கிடங்கின் கணிப்பில் 60 சதவீதம். மீதி 40 சதவீதம் மையக் கிடங்கில் நிற்கும், எங்கே இழுக்கிறதோ அங்கே போகும்.

அளவும் நிறமும் பார்த்து வாங்கும் பொருட்கள் இங்கேயே இருக்கட்டும். பண்டிகைக்கென்றே அச்சடித்த பெட்டிகளும் அப்படித்தான். பண்டிகை முடிந்த மறுநாள் அவற்றை யாரும் கேட்க மாட்டார்கள். கொள்முதல் பிரிவு மொத்தமாக எடுத்தால் மலிவு என்று சொல்லும். தெரியும். விற்காமல் நின்றதை அடுத்த வருடம்வரை வைக்க ரேக் இல்லை.

பண்டிகைக்கு 9 நாள் முன்போடு சரக்கு உள்வரவு நிற்கும். நம்மிடம் இருப்பது நான்கு வாசல். உச்ச நாளில் கூரியர் வண்டி ஒன்றுக்கு 700 பார்சல் என்றால் 14 வண்டி. ஏற்ற ஒரு மணி நேரம். மாலை 5 முதல் 9 வரை நான்கு வாசலில் 16 முறை. உள்ளே வரும் ஒரு லாரி ஒரு வாசலை மூன்று மணி நேரம் பிடித்துக்கொண்டால் கணக்கு உடைந்துவிடும். முதல் இரண்டு வண்டிகளை மதியம் 2 மணிக்கே அனுப்பும்படி கூரியரிடம் கேட்டிருக்கிறோம்.

எப்போது மாற்றுவது

பண்டிகைக்கு 15 நாள் முன்புவரை சேர்ந்த மொத்த ஆர்டரைக் கணிப்போடு ஒப்பிடுவோம். 15 சதவீதத்துக்கு மேல் கூடினால், காத்திருப்புப் பட்டியலில் உள்ள 12 பேரையும் அழைப்போம். 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மூன்றாம் அணியில் பாதியை நிறுத்துவோம். ஆள் அனுப்பும் நிறுவனத்துக்கு மூன்று நாள் முன்னறிவிப்பு போதும். உச்ச நாட்களில் மதியம் 1 மணிக்கு 5,500 ஆர்டர் தாண்டினால், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு என்னைக் கேட்காமலே இணையதளத்தில் டெலிவரி தேதியை ஒரு நாள் தள்ளிப் போடலாம். தாமதமாக வரும் என்று முன்பே சொல்வதை வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்வார்.

பண்டிகைக்குப் பின் இரண்டாம் நாளிலிருந்து பொருட்கள் திரும்பி வரத் தொடங்கும். தற்காலிகப் பணியாளர்களில் 15 பேரை மேலும் பத்து நாள் வைத்துக்கொள்கிறோம்; யார் யார் என்பதை ஷிப்ட் மேற்பார்வையாளர்கள் தேர்ந்தெடுப்பார்கள்.

மேசை வாடகை, ஸ்கேனர் வாடகை, பயனர் பெயர்கள் ஆகிய மூன்றுக்கும் பொறுப்பேற்பவர் யார் என்பதை வெள்ளிக்கிழமை மாலைக்குள் எனக்குத் தெரிவியுங்கள்.

கிடங்குச் செயல்பாட்டு மேலாளர்